தேனுக்குக் கணக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில், “காப்பியில் சீனிக்குப் பதில் தேனோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்தால் இனிப்புநீர் உள்ளவர்களும் பயமின்றிக் குடிக்கலாம்” என்று போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழேயே தேன் விளம்பரம். பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருப்பீர்கள்.

இந்த யோசனையைக் கேட்டு ஏற்கெனவே கெட்டவன் நான். ஒரு நாளைக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுத் தேனுக்கு மாறினேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.9இலிருந்து 7.6க்கு ஏறிவிட்டது. “புதுசா என்ன சேர்த்தீங்க அங்கிள்?” என்று கிளினிக்கில் கேட்டார்கள். நான் பெருமையாக, “தேன்” என்றேன்.

அன்றே மருமகள் கேக் செய்ய வைத்திருக்கும் தராசை எடுத்தேன். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். அதே கரண்டியில் தேன் 7 கிராம். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் தண்ணீர், மற்றதெல்லாம் சர்க்கரைதான். ஆறு கரண்டிக்குச் சீனி 24 கிராம், தேன் வழியாக 33 கிராமுக்கு மேல்! உலகச் சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அந்தக் கணக்கில் தேனையும் சேர்த்தே சொல்கிறது. போதாக்குறைக்கு, தேனில் உள்ள பழச்சர்க்கரை சூட்டில் இனிப்புக் குறைந்து தெரியும். ஆறிய காப்பியில் தித்திக்கும் தேன், ஆவி பறக்கும்போது சப்பென்று இருக்கும். கை தானாகவே இன்னொரு அரைக் கரண்டிக்குப் போகும். என் கையும் போனது.

அப்புறம் நாட்டுச் சர்க்கரையையும் விடவில்லை. கொதிக்கும் பாலில் போட்டேன், திரிந்துவிட்டது. இறக்கி வைத்துப் போட்டால் திரியவில்லை. ஆனால் காப்பி மணம் போய்ப் பாயாச மணம் வந்தது. அதுவும் பெரும்பாலும் சீனியேதான், நிறம்தான் வேறு.

போன வருடம் “குராங் மானிஸ்” பற்றி ஒரு கடிதம் அனுப்பினேன், நீங்கள் போடவில்லை. சரி, போகட்டும். பினாங்குக் கடைகளில் அப்படிச் சொன்னால் சீனியைக் குறைப்பார்கள், டின் பாலை ஊற்றத்தான் செய்வார்கள். ஒரு மேசைக்கரண்டி டின் பாலிலேயே பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அது தெரியாமல் குடித்துவிட்டு, “நான் இனிப்பே சேர்ப்பதில்லை” என்பார்கள் என் நண்பர்கள். “கோப்பி ஓ கொசோங்” என்று கேட்டால்தான் இனிப்பில்லாமல் வரும். முதல் வாரம் கசக்கும்; இப்போது இரண்டு கரண்டி போட்ட காப்பியை என்னால் விழுங்க முடியவில்லை.

தங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், “தேனும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைக் கணக்கில் சேரும்” என்று ஒரே ஒரு வரி போடுங்கள். விளம்பரத்துக்குப் பக்கத்தில் இடம் இல்லை என்றால் ராசிபலனுக்கு அடியில் போட்டாலும் சம்மதம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு