‘தானே’ கவிதையின் கடைசி இரண்டு வரிகள்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தொகுப்பின் மெய்ப்புப் படி திங்கட்கிழமை கடலூர் அச்சகத்துக்குப் போகிறது. ‘தானே’ புயல் கவிதையின் கடைசி இரண்டு வரிகளை நான் நீக்கிவிட்டேன். நேரில் சொன்னால் சண்டையாகும் என்பதால் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய அந்தப் புயலைப் பற்றி இங்கே எழுதாதவர் இல்லை. உங்கள் கவிதைதான் எனக்கு நிற்கிறது. காரணம் இந்த மூன்று வரிகள்:

சாய்ந்த முந்திரியின்
வேர் நிழலில் அமர்ந்து
அம்மா தூக்குவாளியைத் திறக்கிறாள்.

இலை நிழல் தந்த மரம் இப்போது வேரால் நிழல் தருகிறது. அவர் பசியில் திறக்கிறாரா, பழக்கத்தில் திறக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. ‘திறந்தாள்’ என்று முடித்திருந்தால் அந்தச் செயல் அங்கேயே தீர்ந்திருக்கும்.

புதுச்சேரிக் கவியரங்கில் நீங்கள் இதை வாசித்தபோது நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ‘திறக்கிறாள்’ என்றதும் அரங்கு அசையாமல் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீங்களோ அந்த மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, தாளில் இல்லாத ‘மரம் வீழ்ந்தால் என்ன, மனம் வீழாதே மனிதா’ என்பதை அங்கேயே கட்டிச் சேர்த்தீர்கள். கைதட்டல் எழுந்தது, மறுமுறை கேட்டார்கள். அன்று தலைமை வகித்தவரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், அந்தக் கைதட்டலைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

அந்த வரிகளைச் சுனாமிக் கவிதையிலும் ஒட்டலாம், தேர்வில் தோற்ற மாணவனுக்கான வாழ்த்து அட்டையிலும் ஒட்டலாம். ‘மனிதா’ என்று எல்லோரையும் விளித்த நொடியில், அம்மா கவிதையிலிருந்து எழுந்து போய்விடுகிறார்.

எனக்குக் குறுந்தொகை 25ஆம் பாடலைச் சொல்லித்தந்ததே நீங்கள்தானே? தலைவி தன் குற்றச்சாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறாள்: அவன் கள்வன், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். அதன் பிறகுதான் கபிலர் குருகைக் கொண்டுவருகிறார்.

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் மீன்மேல் இருந்தது. ‘ஆகவே ஆடவரை நம்பாதே’ என்று ஆறாம் வரி இல்லை. முன்னிரண்டு வரிகள் இல்லாவிட்டால் குருகு வெறும் ஆற்றங்கரைக் காட்சிதான். சொல்ல வேண்டியதை முன்னால் சொல்லிவிட்டால் கடைசியில் படம் தனியே நிற்கும் என்பது உங்கள் பாடம். உங்கள் கவிதையிலும் புயலின் கணக்கெல்லாம் மேலேயே வந்துவிடுகிறது.

உங்களைக் கேட்காமல் கை வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால், என் முதல் கவிதையின் கடைசி வரியை நீங்கள் கேட்டுக்கொண்டா அடித்தீர்கள்? அந்தச் சிவப்பு மைக்கோடு இன்னும் என்னிடம் இருக்கிறது, அண்ணா. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் செய்தது சரி என்றே தோன்றுகிறது, கோபமும் வருகிறது.

அந்த இரண்டு வரிகள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் சேர்க்கமாட்டேன்.