முதல் பருவ நிறைவும், உடல்நலப் படிவம் குறித்த ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பிறகு வகுப்பில் தரப்படும். இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் கபடியிலும் சதுரங்கத்திலும் நன்றாக ஆடினார்கள். இலக்கிய மன்ற விழா சிறப்பாக நடந்தது. மாடிப்படிக் கைப்பிடியைச் சரிசெய்தாயிற்று. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இந்தக் கடிதத்தை எழுத வேறு ஒரு காரணம் உண்டு. ஆகஸ்ட் மாதம் நம் பள்ளியில் ஒரு பையனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொண்டை அடைத்து, மூச்சு விடவே சிரமமானது. உங்களில் பலர் அதைப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது. பையனின் பெற்றோர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரையும் வகுப்பையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

அன்று 12.30க்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பக்கத்தில் இருந்த நண்பன் கொண்டுவந்த சப்பாத்தியைக் குருமாவில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறான். பத்து நிமிடம் கழித்து நாக்கைப் பல்லால் சுரண்டிக்கொண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டும் இருந்ததாக உடன் இருந்த பிள்ளைகள் சொல்கிறார்கள். 12.45க்கு ஆசிரியையிடம் வந்து, "தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு மிஸ்" என்றான். சப்பாத்தி சிக்கிக்கொண்டது என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார். விழுங்க முடியாமல் பாதித் தண்ணீர் வாயோரமாக வழிந்தது. வாழைப்பழம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடும் என்றார் இன்னொருவர். அதற்குள் கழுத்தில் சிவந்த தடிப்புகள் கிளம்பின. காணாக்கடியாக இருக்கும் என்று சொல்லி, வெற்றிலையும் மிளகும் வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பினோம். அப்பாவுக்குப் போன் செய்தோம். "செட்ரிசின் மாத்திரை ஒண்ணு குடுங்க, இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

பக்கத்து பெஞ்சுச் சிறுமிதான் அதைக் கவனித்தவள். "மிஸ், அவன் குரலே மாறிப் போச்சு" என்றாள். அப்போதுதான் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம். சளி பிடித்தவன் போலக் கரகரத்த, அமுங்கிய குரல். மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம். உதடு வீங்கியிருந்தது. உடற்கல்வி ஆசிரியர் யாரையும் கேட்காமல் 108ஐ அழைத்தார். மணி 12.58.

அவன் எங்களிடம் வந்து சொன்னதிலிருந்து அந்த அழைப்பு வரை 13 நிமிடங்கள். அந்த 13 நிமிடங்களை நாங்கள் வீணாக்கினோம். தலைமையாசிரியராக அந்தப் பொறுப்பு என்னுடையது. அந்தப் பெற்றோரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

ஆம்புலன்ஸ் 1.10க்கு வந்தது. வந்தவர் முதலில் செய்தது தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி போட்டதுதான். ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. பையன் 24 கிலோ, அதனால் 0.24 மில்லிகிராம், அதாவது கால் மில்லிக்கும் சற்றுக் குறைவான மருந்து. அவ்வளவுதான். சில நிமிடங்களில் விசில் சத்தம் குறைந்தது. ஆனால் முழுதாக அடங்கவில்லை. மருத்துவமனைக்குப் போனதும் 1.25க்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். இரண்டு மணிக்கு அவன் தன் பழைய குரலில் அம்மாவைக் கூப்பிட்டான்.

மறுவாரம் நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களிடம் பேசினார். அவர் சொன்னதில் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன்.

அந்தக் குருமாவில் முந்திரி அரைத்துவிடப்பட்டிருந்தது. பையனின் உடலுக்கு முந்திரி ஆகாது. ஆகாத உணவு உள்ளே போனதும் உடலின் தற்காப்புச் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, சுற்றியுள்ள சதை வீங்குகிறது. கையில் வீங்கினால் அரிப்போடு போய்விடும். குரல்வளையில் வீங்கினால் காற்று போகும் வழியே அடைபடும். பிள்ளைகளின் மூச்சுப்பாதை பெரியவர்களுடையதைவிடக் குறுகலானது. சிறிய வீக்கமே அதை அடைத்துவிடும். கூடவே ரத்த அழுத்தமும் சரியலாம். இதைத்தான் மருத்துவர்கள் அனஃபிலாக்சிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும்.

தொண்டையில் உணவு சிக்கினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திணறும். ஒவ்வாமை அப்படி வராது. நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். தடிப்பு, வாந்தி, வயிற்றுவலி, இருமல், தலைசுற்றல் என்று வேறு ஏதாவது சேர்ந்துகொள்ளும். தடிப்பே இல்லாமலும் வரலாம். உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது. "நாக்கு தடியா இருக்கு", "தொண்டையில முடி மாட்டிக்கிச்சு" என்பார்கள். ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் அதன் பெயரைச் சொல்லச் சொல்லிக் குரலைக் கேளுங்கள்.

செட்ரிசின் விஷயத்தில் அந்த அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதற்கும் அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அடைபடும் தொண்டையை அது திறக்காது. விழுங்கவே முடியாத பிள்ளைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பது ஆபத்து. வெற்றிலை மிளகும் அப்படித்தான். வீக்கத்தை வற்றவைத்து, மூச்சுக்குழலை விரித்து, ரத்த அழுத்தத்தையும் தூக்கிப்பிடிப்பது அட்ரினலின் ஒன்றுதான். வெளிநாடுகளில் பெற்றோர் பையில் வைத்திருக்கும் பேனா போன்ற ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அட்ரினலின் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைச் சீக்கிரம் சேர்ப்பதே நம் வேலை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரைத் தேடிப் போக இது நேரமில்லை. பக்கத்தில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவு போதும்.

அன்று ஓர் ஆசிரியை தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கிளம்பினார். நல்லெண்ணம்தான். ஆனால் ரத்த அழுத்தம் சரியும் நேரத்தில் பிள்ளையை எழுப்பி நிறுத்தினாலோ நடக்கவைத்தாலோ அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம் என்றார் மருத்துவர். தலைசுற்றினால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு சிரமமாக இருந்தால் இருந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார விடலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் பையனின் அம்மாவே எழுதச் சொன்னார். மாலையில் பையன் சிரித்துப் பேசுவதைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா" என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் விடவில்லை. இரவு எட்டரை மணிக்கு, வேறு எதையும் சாப்பிடாமலேயே, தடிப்பும் இருமலும் திரும்ப வந்தன. சில பிள்ளைகளுக்கு இப்படி இரண்டாம் முறை வருவதுண்டு. மருத்துவமனையில் இருந்ததால் உடனே கவனித்தார்கள். மறுநாள் காலையில்தான் வீடு திரும்பினான்.

இப்போது வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் நீங்கள் நிரப்பித் தந்த உடல்நலப் படிவத்தில் உணவு ஒவ்வாமை என்று ஒரு வரி உண்டு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லாப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கோடு போட்டிருந்தது, அல்லது "இல்லை" என்று இருந்தது. வகுப்பாசிரியர்கள் பேசிப் பார்த்தபோது கதை வேறாக இருக்கிறது. இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும் பிள்ளை இருக்கிறது. எள்ளுருண்டை சாப்பிட்டு ஒருமுறை வாந்தியும் தடிப்பும் வந்த பிள்ளை இருக்கிறது. இந்தப் பையனுக்கும் இரண்டு வருடத்துக்கு முன் முந்திரி கேக் சாப்பிட்டு வாய் அரித்திருக்கிறது. லேசாகத்தானே வந்தது என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். முதல் முறை லேசாக வந்ததால் அடுத்த முறையும் லேசாகத்தான் வரும் என்று எந்த மருத்துவரும் உறுதி தரமாட்டார். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதையும் சிலர் மறைக்கிறீர்கள்.

சுற்றுலாவுக்குச் சேர்க்கமாட்டார்களோ, தனியாக உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. எந்தப் பிள்ளையையும் அப்படி ஒதுக்கமாட்டோம். ஆனால் தெரிந்தும் எழுதாமல் விடுவதை இனி ஏற்க முடியாது. படிவம் வராத பிள்ளைகளை இரண்டாம் பருவச் சுற்றுலாவுக்கு அழைத்துச்செல்ல மாட்டோம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைத்தாலோ, குரல் மாறினாலோ, நாக்கு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ முதல் அழைப்பு 108க்குத்தான் போகும். உங்களுக்கு இரண்டாவதாகத்தான் போன் வரும். நான் வரும்வரை எங்கும் கொண்டுபோகாதீர்கள் என்று நீங்கள் சொன்னாலும் நாங்கள் காத்திருக்கமாட்டோம்.

இதைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவைத் திறந்து நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளை தன் டப்பாவில் இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். அதை நீங்கள் வீட்டில் சொல்லிப் பழக்குங்கள், நாங்கள் வகுப்பில் பழக்குகிறோம். பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுத்தனுப்பினால் அதில் கடலை, முந்திரி, பாதாம், எள், பால், முட்டை இருக்கிறதா என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

அந்தக் குருமாவைச் செய்த அம்மா அன்று மாலை பள்ளிக்கு வந்து அழுதார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. இப்போது அவர் வீட்டு டப்பா மூடியில் தினமும் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அவருக்கும், நடந்ததை எழுதச் சம்மதித்த பெற்றோருக்கும், வந்து பேசிய மருத்துவருக்கும், குரல் மாறியதை முதலில் கவனித்த அந்தச் சிறுமிக்கும் என் மனமார்ந்த நன்றி.

புதிய படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதச் சந்தேகமாக இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என்னை நேரில் வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்