நீ அனுப்பிய இரங்கல் செய்தி பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்று இரவு வந்தது. மகள் தேர்வை நல்லபடியாக முடித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல். மற்ற விஷயங்களை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கூடவே, அம்மாவை இழந்த உன் அலுவலக நண்பருக்கு அனுப்ப நீ எழுதிக் காட்டிய அந்த இரங்கல் செய்திதான் இப்போது முக்கியம், ஏற்கனவே நான்கு நாள் ஆகிவிட்டது என்கிறாய்.

நீ எழுதியதை அப்படியே கீழே போடுகிறேன், எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

"தங்கள் தாயாரின் மறைவுச் செய்தி கேட்டு மிகுந்த அதிர்ச்சியும் துயரமும் அடைந்தேன். இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் எனது ஆழ்ந்த இரங்கல்கள். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன். ஏதேனும் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் அழைக்கவும்."

இதில் தப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால் 'தாயார்' என்ற ஒரு சொல்லை மட்டும் 'தந்தையார்' என்று மாற்றிவிட்டால் இதை வேறு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர் போனில் அன்றைக்கு வந்து குவிந்திருக்கும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும், வாசிக்கும்போதே கண் தாண்டிப் போய்விடும். என் அப்பா இறந்த வாரத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. யார் என்ன அனுப்பினார்கள் என்று இன்று கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், "கையெழுத்துப் போடும் முன்னால் பேனாவை இரண்டு தடவை உதறுவார், மை நிறைய இருந்தாலும் உதறுவார்" என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டிலும் அப்படித்தான் செய்வார் என்று அம்மா சிரித்துவிட்டு அப்புறம் அழுதார். போனவரைப் பற்றி நமக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு துளி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அந்த வாரத்தில் அதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, உன் செய்திக்கு வருகிறேன். நீ அவரை அண்ணா என்று கூப்பிடுகிறாய், 'நீங்க வாங்க' என்று பேசுகிறாய். செய்தியில் மட்டும் அவர் 'தங்கள்' ஆகிவிட்டார், அவர் அம்மா 'அன்னார்' ஆகிவிட்டார். அன்னார் என்று உன் வாயால் ஒரு நாளாவது சொல்லியிருப்பாயா? நேரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வாயோ அந்தத் தமிழிலேயே எழுது. அடுத்தது அதிர்ச்சி. எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த எட்டு மாதத்தையும் தினமும் பார்த்த மகனிடம் போய் அதிர்ச்சி அடைந்தேன் என்றால், எதையும் கவனிக்காதவன் எழுதியது போலத்தான் இருக்கும். ஆன்மா, இறைவன் என்பதெல்லாம் அவருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்.

உதவி பற்றிய கடைசி வரியை நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாய், தெரியும். ஆனால் அது வேலையை அவர் தலையில் வைக்கிறது. என்ன தேவை என்று அவர் யோசிக்க வேண்டும், அதை உன்னிடம் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டும், கூச்சத்தை விட்டுக் கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள், நானும் யாரையும் கூப்பிடவில்லை. உன்னால் கட்டாயம் செய்ய முடிகிற ஒரே ஒரு காரியத்தை, செய்கிறேன் என்று சொல். மாதக் கடைசிக் கணக்கை அவர்தான் முடிப்பார் என்று எழுதியிருந்தாயே, அதுவே போதும்.

அவர் அம்மாவைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது, பார்த்ததே இல்லை என்று எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி நீயே ஒன்று சொல்லியிருக்கிறாய். மதியம் இரண்டு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வரும், அவர் "சாப்பிட்டேன்மா" என்பார், சில நாள் டப்பாவைத் திறந்திருக்கவே மாட்டார் என்று. அதுதான் உன் செய்தி. நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, அவர் வழியாக உனக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது.

நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"அண்ணா, அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து உங்க நினைப்பாவே இருக்கு. அவங்களை நான் பார்த்ததில்லை. ஆனா தினமும் மதியம் நீங்க போன்ல 'சாப்பிட்டேன்மா'ன்னு சொல்றதைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கேன். அந்தக் குரலை வேற யார்கிட்ட பேசும்போதும் நான் கேட்டதில்லை. இந்த மாசக் கணக்கை நான் முடிச்சிடறேன், அதை நினைக்காதீங்க. இதுக்குப் பதில் போட வேண்டாம்ணா."

முதலில் எழுதியபோது "இனி அந்த போன் வராதே" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன், உருக்கமாகத்தான் இருந்தது. திரும்ப வாசித்ததும் எடுத்துவிட்டேன். இரண்டு மணி ஆகும்போதெல்லாம் அது அவருக்கே தெரியும், நாம் வேறு சொல்லிக் குத்த வேண்டாம். டப்பாவைத் திறக்காமலே சாப்பிட்டேன் என்று சொன்னதையும் எழுதக் கூடாது. உனக்கு அது பாசமாகத் தெரிகிறது, ஆனால் இந்த நாட்களில் அவருக்கு அம்மாவிடம் பொய் சொன்னோமே என்றுதான் உறுத்தும். வருஷக்கணக்கு போனபின் அவரே அதைச் சொல்லிச் சிரிக்கலாம், அது அவர் பாடு.

நீ கேட்டிருந்த இன்னொன்று, "நல்ல வயது வாழ்ந்தார், இனிமேல் கஷ்டம் இல்லை" என்று சேர்க்கலாமா என்று. வேண்டாம். மகன் அதைச் சொல்லலாம், வெளியாள் சொன்னால் 'அழுதது போதும்' என்பது போல விழும். உன் அப்பா போனபோது உனக்கு எப்படி இருந்தது என்பதையும் இதில் கொண்டுவராதே, அதை வாசித்துவிட்டு அவர் உனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். நாலு நாள் தாமதத்துக்கும் காரணம் எழுத வேண்டாம்.

இந்த வார்த்தைகளை அப்படியே அனுப்ப வேண்டும் என்று இல்லை, உன் பேச்சுக்கு எது ஒட்டவில்லையோ அதை மாற்று. "உங்க நினைப்பாவே இருக்கு" என்பது உண்மை இல்லை என்றால் அதை எடுத்துவிட்டு "என்ன சொல்றதுன்னு தெரியல" என்றே எழுது. ஒருவரைப் பற்றி உண்மையிலேயே எதுவும் தெரியாதபோது, கேள்விப்பட்டேன், வருத்தமாக இருக்கிறது என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது மேல், இல்லாத நினைவை ஜோடித்தால் வீட்டுக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம், அலுவலகக் குழுவில் போடாதே. அங்கே வரிசையாக விழும் கும்பிடுகளுக்கு நடுவில் இது காணாமல் போகும், போன் விஷயம் மற்றவர்கள் கண்ணில் படுவதும் அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். தனியாக அவருக்கு மட்டும் அனுப்பு.

ஒரு மாதம் போகட்டும், எல்லாருடைய செய்தியும் நின்றிருக்கும். அப்போது ஒரு நாள் மதியம் "அண்ணா, சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டுப் பார்.

உன்,
பழைய நண்பன்