சாவியையும் சேர்த்து அச்சிடாதீர்கள்: திருமுறை இணைய வகுப்பின் நிர்வாகக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய் மாலை நம் ஜூம் வகுப்புக்குள் யாரோ வெளியாள் புகுந்து ஆபாசக் காட்சியைத் திரையில் ஓட்டியதை நீங்களும் பார்த்தீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாபநாசத்து அம்மாள் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், மூன்று வாரம் பழகிய நட்டபாடைப் பதிகத்தை அன்றுதான் தனியாகப் பாடினார். இரண்டாம் அடியில் அந்த ஆபாசக் காட்சி திரையை அடைத்துக்கொண்டது. வெளியேறும் பொத்தான் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றாராம். பேரன் வந்துதான் அணைத்திருக்கிறான்.

மறுநாள் "கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது" என்று அறிவித்தீர்கள். நன்றி. புதிய கடவுச்சொல்லையும் வகுப்பை அறிவிக்கும் அதே கோபுரப் படத்தின் கீழேயே அச்சிட்டிருந்தீர்கள். மாலைக்குள் அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

நான் தொலைபேசியில் முறையிட்டபோது, இனி இணைப்பை மட்டும் போடுவதாகச் சொன்னீர்கள். அதுவும் பயன்படாது. நீங்கள் அனுப்பும் ஜூம் இணைப்பின் வாலைப் பாருங்கள்:

```
https://us02web.zoom.us/j/...?pwd=...
```

`pwd=` என்பதற்குப் பின்னால் வரும் நீண்ட எழுத்துவரிசைக்குள் கடவுச்சொல் அடங்கியிருக்கிறது. இதைத் தொடுகிறவரிடம் கடவுச்சொல்லே கேட்கப்படாது. ஜூம் தளத்தின் Settings பக்கத்தில் `Embed passcode in invite link for one-click join` என்பதை அணைத்துவிட்டு, இணைப்பைப் புதிதாக நகலெடுங்கள். அந்த வால் இல்லையென்றால் சரி.

கடவுச்சொல்லை மறுபடி மாற்றித் தனியாக அனுப்புங்கள். ஆனால் நமது வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சந்தா கட்டியவர்கள் 60 பேர், குழுவில் இருப்பவர்களோ முந்நூறைத் தாண்டுகிறார்கள். குழுவில் சேரும் இணைப்பையும் அந்தப் படத்திலேயே அச்சிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. 60 பேருக்கு ஒரு பிராட்காஸ்ட் பட்டியல் போதும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதால், முதலில் எல்லாரையும் சேமிக்கச் சொல்லுங்கள்.

உறுப்பினரே யாருக்காவது அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். அதற்குத்தான், நீங்கள் அனுமதிக்கும்வரை வருகிறவரை வெளியே நிறுத்திவைக்கும் `Waiting Room`. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் தட்டச்சு செய்யலாம் என்பதால், பெயரோடு உறுப்பினர் எண்ணையும் போடச் சொல்லி, பட்டியலோடு ஒத்துப்பார்த்து உள்ளே விடுங்கள். ஓதுவார் ஐயாவே பாடிக்கொண்டு ஆளையும் சரிபார்க்க முடியாது. நிர்வாகக் குழுவில் ஒருவர் அந்த ஒரு மணி நேரம் வாசலில் உட்காரட்டும். திரையைப் பகிரும் உரிமையும் நடத்துபவரிடம் மட்டும் இருக்கட்டும். செவ்வாயன்று அது எல்லாருக்கும் திறந்துகிடந்தது.

நம் பக்கத்தில் காதுகுத்துக்கே வீதி முழுக்க பேனர் கட்டுகிறோம். வகுப்பையும் அப்படி அறிவித்தால்தான் பெருமை என்று நினைக்கிறோமோ என்னவோ. அறிவிப்புப் படத்தில் நாளும் நேரமும் ஓதுவார் பெயரும் தாராளமாக இருக்கட்டும். இணைப்பும் கடவுச்சொல்லும் மட்டும் வேண்டாம். தயவுசெய்து வரும் செவ்வாய்க்கு முன்பே இதைச் செய்துகொடுங்கள். அந்த அம்மாளை நேற்று அழைத்தேன். பாட்டுப் புத்தகத்தைப் பரணில் வைத்துவிட்டேன் என்றார்.

பணிவுடன்,
மயிலாடுதுறையிலிருந்து ஓர் உறுப்பினர்