நகராட்சி வருவாய்ப் பிரிவுக்கு: சொத்து வரி குறுஞ்செய்தியைத் திருத்தி எழுதுவது பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் வருவாய்ப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். கடைகளுக்கும் சீட்டு நிறுவனங்களுக்கும் எஸ்.எம்.எஸ். டெம்ப்ளேட் எழுதிக் கொடுப்பது என் தொழில். நம் நகராட்சியிலிருந்து ஏப்ரலில் எனக்கு வந்த செய்தி இது:

«அன்புள்ள வரி செலுத்துவோரே, தங்களது சொத்து வரி நிலுவைத் தொகையை உடனடியாக செலுத்தி நடவடிக்கைகளைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. - ஆணையர்»

எவ்வளவு கட்ட வேண்டும், எப்போதைக்குள், எங்கே என்ற மூன்று கேள்விக்கும் இதில் பதில் இல்லை. ஆனால் இதற்கு மூன்று எஸ்.எம்.எஸ்.ஸின் காசு போகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் வந்துவிட்டால் அது யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாக உடையும். துண்டுகளை மறுபடி சேர்க்கும் குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போவதால், துண்டுக்கு 67தான் மிஞ்சும். கட்டணம் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி.

இந்த 70ஐ நாம் பள்ளியில் எழுத்து எண்ணிய மாதிரி எண்ணக் கூடாது. ‘க’ ஒன்று, ‘கி’ இரண்டு, ஏனென்றால் உயிர்க்குறி தனியாக ஒரு இடம் பிடிக்கும். புள்ளியும் அப்படித்தான், ஆகவே ‘க்’ இரண்டு. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பது கண்ணுக்கு 13 எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் 23. ஒரு செய்தியின் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒற்றைச் சொல்லே விழுங்கிவிடுகிறது.

மேலே உள்ள செய்தி இந்தக் கணக்கில் மொத்தம் 151. இரண்டு துண்டுக்கு 134 வரைதான் இடம் என்பதால் மூன்றாவது துண்டு தேவைப்படுகிறது. முதல் துண்டு ‘உடனடி’ என்ற இடத்தில் அறுந்து நிற்கிறது. அதுவரை படித்தவருக்குக் கிடைத்த தகவல் என்னவென்றால், சொத்து வரி என்று ஏதோ ஒன்று நிலுவையில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு ஊரில் 40,000 வரிதாரர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை அனுப்ப 1,20,000 எஸ்.எம்.எஸ். கணக்கில் ஏறும்.

சரி, ஒரே துண்டில் அடக்கலாமா? அடக்கலாம்:

«சொத்து வரி ரூ.1240. ஏப்ரல் 30க்குள் செலுத்த: tnurbanepay.tn.gov.in»

இது 66 வருகிறது. மலிவுதான், ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு எந்த வீட்டின் வரி என்று தெரியாது. கவுண்டரில் கட்டுகிறவருக்கும் இதில் வழி சொல்லவில்லை. அப்புறம், நம் மாநிலத்தில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறைகிறதே, அதிகபட்சம் ரூ.5,000 வரை, அதைச் சொல்லாமல் விடுவது நகராட்சிக்குத்தான் நஷ்டம். மிரட்டலை விட அந்தச் சலுகைக்குத்தான் ஜனங்கள் சீக்கிரம் அசைவார்கள். எனவே இரண்டு துண்டு எடுத்துக்கொள்வோம்:

«சொத்து வரி, எண் 04127: ரூ.1240. ஏப்ரல் 30க்குள் கட்டினால் ரூ.1178 போதும். tnurbanepay.tn.gov.in அல்லது நகராட்சி வசூல் மையம்.»

மொத்தம் 124. வரிவிதிப்பு எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் மட்டும் போட்டிருக்கிறேன், வீட்டுக்காரர் அடையாளம் கண்டுகொள்ள அது போதும். ‘5% ஊக்கத்தொகை’ என்று எழுதாமல் கழித்த தொகையையே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இங்கே எளிமைக்காக நேராக 5 சதவீதம் கழித்திருக்கிறேன். சரியான தொகையை உங்கள் கணினி போடட்டும், வரிதாரரை மனக்கணக்குப் போட வைக்க வேண்டாம். ‘ரூ.’ மூன்று இடம் பிடிக்கும், ₹ ஒன்றுதான். இருந்தும் ‘ரூ.’ போட்டதற்குக் காரணம், பழைய பட்டன் போன்களில் அந்தக் குறி வெறும் கட்டமாகத் தெரியலாம். (ஆங்கிலச் செய்தியில் ₹ போட்டால் இன்னும் மோசம். அந்த ஒரு குறிக்காக முழுச் செய்தியும் 160லிருந்து 70க்கு இறங்கிவிடும்.)

வரிசையும் யோசித்து வைத்ததுதான். சில போன்களில் துண்டுகள் ஒட்டாமல் தனித்தனியாக வரும், சில நேரம் இரண்டாவது துண்டு தாமதமாகும். ஆகவே எண், தொகை, தேதி மூன்றும் முதல் 67க்குள் முடிந்தாக வேண்டும். இதில் ‘ரூ.1178’ 65ஆவது இடத்தில் முடிகிறது. வரி ஐந்து இலக்கமாக இருந்தால், இரண்டு தொகையிலும் ஒவ்வொன்று கூடி, சரியாக 67ல் வந்து நிற்கும்.

இதே டெம்ப்ளேட்டில் அடுத்த அரையாண்டுக்கு மாதத்தை மட்டும் மாற்றினால் சிக்கல் வரும். ‘ஏப்ரல்’ 6, ‘அக்டோபர்’ 8. ஐந்து இலக்கத் தொகையின் கடைசி இரண்டு எண்கள் அடுத்த துண்டுக்கு ஓடிவிடும். ரூ.11780 கட்ட வேண்டியவர் முதல் துண்டில் ‘ரூ.117’ என்று படிப்பார். ‘அக். 30க்குள்’ என்று சுருக்கினால் நான்கு இடம் மிச்சமாகி இந்தத் தொல்லை தீரும். அதிகபட்சத் தொகையைப் போட்டுப் பார்க்காமல் எந்த டெம்ப்ளேட்டையும் முடிவு செய்யாதீர்கள்.

இணைய முகவரிக்கு 21 இடம் போகிறதே, குறுஞ்சுட்டி போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ‘இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற மோசடிச் செய்தியில் பணம் இழந்தவர்கள் நிறைய. gov.in என்று முடிகிற முகவரியைப் பார்த்தால்தான் ஒரு நம்பிக்கை வரும். யாருடைய செல்போன் எண்ணையும் செய்தியில் போடாததற்கும் அதுதான் காரணம். மேலும், பதிவு செய்யாத சுட்டி உள்ள செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுத்துவிடுகின்றன. மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசகத்தையும் சுட்டியையும் முன்கூட்டியே பதிவு செய்யும் டி.எல்.டி. தளத்தில் முகவரியை மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

‘கட்டியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வால் ஒட்டும் வழக்கம் உண்டு. அந்த வரி 37 இடம் கேட்கும், நம்மிடம் மிச்சம் இருப்பது பத்து. அதற்குப் பதில், அனுப்புவதற்கு முந்தைய இரவு வசூல் பட்டியலைப் பார்த்துக் கட்டியவர்களை நீக்கிவிட்டால் அந்த வரியே தேவைப்படாது. அவர்களுக்கு அனுப்பும் காசும் மிச்சம்.

தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 160 கிடைக்குமே என்ற யோசனையும் வரலாம். இளைஞர்கள் படித்துவிடுவார்கள். ஆனால் வரி ரசீதில் பெயர் இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களுடையது. அவர்களுக்குத் தமிழில் வரட்டும்.

டி.எல்.டி.யில் ஒப்புதல் பெற்ற வாசகத்திலிருந்து ஒரு எழுத்து மாறினாலும் செய்தி போகாது. எனவே புதிய வாசகத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். எண், இரண்டு தொகைகள், தேதி ஆகிய நான்கையும் மாறும் இடங்களாக வைத்தால் இரண்டு அரையாண்டுக்கும் ஒரே டெம்ப்ளேட் போதும். அக்டோபர் முதல் வாரமே செய்தி போக வேண்டுமென்றால் விண்ணப்பம் செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டும். எழுத்தெண்ணிக்கை சரிபார்க்க ஆள் வேண்டுமானால் நான் வந்து உட்காருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது வார்டு வரிதாரர் ஒருவர்