சிறுநீர்ப்பையா, சிறுநீரகமா: மருந்து எழுதும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புறநோயாளர் பிரிவிலும் இரவுப் பணியிலும் இருக்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். உங்கள் நோயாளிகளின் சிறுநீர் மாதிரிகள் வந்து சேரும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் நான். நோயாளியை நான் பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பும் படிவமும் குப்பியும்தான் எனக்குத் தெரியும். அங்கிருந்து பார்க்கும்போது சில விஷயங்கள் தொடர்ந்து உறுத்துகின்றன. கல்ச்சர் தேவைப்படாதவர்களிடமிருந்து குப்பிகள் குவிகின்றன. கட்டாயம் தேவைப்படுகிறவர்களின் குப்பியோ, முதல் ஊசி போட்ட மறுநாள்தான் வருகிறது. எல்லாவற்றையும்விட, நாங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று இருக்கும் மருந்துகள் எல்லாமே எந்தத் தொற்றுக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்த மடல்.

ஒரு நோயாளியை வைத்தே பேசலாம். 34 வயதுப் பெண். கர்ப்பம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, கல் இருந்ததில்லை. இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அரை மணிக்கொரு தரம் போகவேண்டிய அவசரம், அடிவயிற்றில் ஒரு கனம். காய்ச்சல் இல்லை, விலாவுக்குக் கீழே முதுகில் வலி இல்லை, வெள்ளைப்படுதலும் இல்லை. எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்து இருந்து, வெள்ளைப்படுதல் இல்லை என்றால், அது சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்ட இந்த நாலு பதில்களே நோயைச் சொல்லிவிடுகின்றன. நைட்ரோஃப்யூரன்டாயின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 5 நாள். அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம், ஒரே ஒரு வேளை. இந்த நிலையில் கல்ச்சர் எதற்கு? அதன் முடிவு வருவதற்குள் எரிச்சல் பெரும்பாலும் தணிந்திருக்கும். பாக்டீரியாவும் பெரும்பாலும் ஈ.கோலைதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சம் காலனி என்ற பழைய எல்லைக்கோடு, சிறுநீரகத் தொற்று உள்ள பெண்களையும் தொந்தரவே இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் போடப்பட்டது. எரிச்சலோடு வரும் பெண்ணுக்குச் சில நூறு காலனிகளே உண்மையான தொற்றாக இருக்கலாம். அந்த எல்லைக்கோட்டையே பிடித்துக்கொண்டு 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்று ஒரு ஆய்வகம் எழுதினால், அதை நம்பி நீங்கள் மருந்தை நிறுத்திவிடக்கூடும்.

சரி, நம் டாக்டர் கல்ச்சரும் அனுப்பினார், நைட்ரோஃப்யூரன்டாயினும் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் ரிப்போர்ட் போகிறது: ஈ.கோலை, 1 லட்சத்துக்கு மேல். இ.எஸ்.பி.எல். நொதியை உண்டாக்கும் வகை. செஃப்ட்ரியாக்ஸோனுக்கு ஆர், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஆர். நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், கோ-ட்ரைமாக்சசோல், அமிகாசின், எர்டாபெனம் எல்லாவற்றுக்கும் எஸ். அன்று மாலை அதே பெண் குளிர் நடுக்கத்தோடு திரும்ப வருகிறார். காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ். வலது விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினாலே துள்ளுகிறார். இரண்டு முறை வாந்தி. எரிச்சல் மட்டும் குறைந்திருக்கிறது.

இரவுப் பணியில் இருப்பவர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். 'நைட்ரோஃப்யூரன்டாயின் எஸ் என்றுதானே இருக்கிறது, அதையே தொடருங்கள்' என்று சொல்லி, பாராசிட்டமாலும் வாந்திக்கு ஒரு மாத்திரையும் எழுதி அனுப்புகிறார். எழுத்துப்படி அவர் சொன்னது சரி. நோய்க்கு அது தவறு.

நாங்கள் எதை வைத்து எஸ் போடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலையை அடக்க மில்லிலிட்டருக்கு 32 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான நைட்ரோஃப்யூரன்டாயின் போதும் என்றால், அமெரிக்க அளவுகோல்படி எஸ். ஐரோப்பிய அளவுகோல் 64 வரைகூட ஏற்கிறது, ஆனால் சிக்கலற்ற சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. இவ்வளவு உயரமான எல்லை எப்படிச் செல்லுபடியாகிறது? இந்த மருந்தைச் சிறுநீரகம் மளமளவென்று வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் சிறுநீரில் அதன் அளவு 50 மைக்ரோகிராமைத் தாண்டி 200 வரைகூடப் போகும். ரத்தத்திலோ பெரும்பாலும் 1 மைக்ரோகிராமுக்கும் கீழே. சிறுநீர்ப்பைத் தொற்றில் பாக்டீரியா இருப்பது சிறுநீரிலும், அது தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோலிலும். அங்கே மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. சிறுநீரகத் தொற்றில் அது திசுவுக்குள் புகுந்துவிட்டது, சில சமயம் ரத்தத்துக்கும் போய்விடுகிறது. 32 தேவைப்படும் இடத்தில் 1 கூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு எரிச்சல் குறைந்து காய்ச்சல் ஏறியது இதனால்தான்: கீழே மருந்து வேலை செய்தது, மேலே போய்ச் சேரவே இல்லை. வாய்வழி ஃபாஸ்ஃபோமைசினும் அப்படித்தான். இரண்டுமே சிறுநீர்ப்பைக்கான மருந்துகள்.

ஆகவே ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே தொற்று எங்கே இருக்கிறது என்று நோயாளியிடம் தீர்மானித்துவிடுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, வாந்தி: இவை மேலே போய்விட்டதன் அடையாளங்கள். எரிச்சல் துளிகூட இல்லாமலும் சிறுநீரகத் தொற்று வரும். அதனால் 'எரியவில்லையே' என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் தட்டில் வளரும் ஈ.கோலையைப் பார்த்து அது பையிலிருந்து வந்ததா, சிறுநீரகத்திலிருந்து வந்ததா என்று எங்களால் சொல்லவே முடியாது.

அன்று மாலை செய்திருக்க வேண்டியது என்ன? முதல் டோஸுக்கு முன் இன்னொரு சிறுநீர் கல்ச்சர். நடுக்கத்தோடு வந்ததால் ரத்த கல்ச்சரும் கிரியேட்டினினும். கர்ப்பம் இல்லை என்று மறுபடி உறுதி. வாந்தி இருப்பதால் மாத்திரையை நம்பாமல் ஊசி. இ.எஸ்.பி.எல். என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் எர்டாபெனம் 1 கிராம், நாளுக்கு ஒரு முறை. சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருந்தால் அமிகாசினும் ஒரு வழி. அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல், முன்பு எதிர்ப்புள்ள பாக்டீரியா வந்த வரலாறும் இல்லாமல் இருந்திருந்தால், செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராமில் தொடங்குவது நியாயமே. சிப்ரோஃப்ளாக்சசின் திசுவுக்குள் நன்றாகப் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பகுதியில் 10 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு இருந்தால், கல்ச்சர் முடிவு வரும் முன் அதை மட்டும் நம்பித் தொடங்கக் கூடாது என்பதுதான் வழிகாட்டிகள் சொல்லும் வரம்பு. சாதாரண எரிச்சலுக்கு அதை எழுதுவதையும் தயவுசெய்து விடுங்கள். தசைநாண் பாதிப்பு போன்ற பக்க விளைவுகளைக் காட்டி, வேறு மருந்து இருக்கும்போது சிக்கலற்ற தொற்றுக்கு இது வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இலேயே சொல்லிவிட்டது.

இங்கேதான் கல்ச்சர் தன் வேலையைக் காட்டுகிறது. சிறுநீரகத் தொற்றில் முதல் மருந்து ஓர் ஊகம். 48 மணி நேரத்தில் வரும் முடிவு அந்த ஊகத்தைத் திருத்தும், ஊசியிலிருந்து மாத்திரைக்கு இறங்கவும் வழி காட்டும். இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டு, சாப்பிட முடிந்ததும், கோ-ட்ரைமாக்சசோல் 160/800 மி.கி. இரண்டு வேளையாக மாற்றலாம். அது திசுவுக்குள் போகும் மருந்து. இறங்கும்போது நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு மட்டும் இறங்கிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் அதுதான் கண்ணை இழுக்கும். மொத்த நாட்கள் முன்பு 14 என்பார்கள். நன்றாகத் தேறி வருகிறவர்களுக்கு 7 நாள் போதும் என்ற பக்கம் இப்போது வழிகாட்டிகள் நகர்ந்திருக்கின்றன. ஊசி தொடங்கி 72 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் ஸ்கேன் எடுங்கள். கல் அடைத்துக்கொண்டோ, சீழ்க்கட்டி உருவாகியோ இருக்கலாம். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய தொற்றுக்கு மருந்து மட்டும் போதாது. அதை வடித்துவிட வேண்டும்.

இதே ரிப்போர்ட்டை மறுபக்கமாகவும் பாருங்கள். காய்ச்சலே வராமல், எரிச்சலோடு மட்டும் இருந்த ஒருவருக்கு இதே இ.எஸ்.பி.எல். ஈ.கோலை வந்திருந்தால்? அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து உடனே எர்டாபெனம் போட அட்மிட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. அங்கே நைட்ரோஃப்யூரன்டாயின் எஸ் என்பது முழு உண்மை, 5 நாள் மாத்திரையில் முடிந்துவிடும். ஒரே தாள், ஒரே பாக்டீரியா, இரண்டு பேருக்கு இரண்டு விதமான மருந்து.

தொற்று பையோடு நின்றிருந்தாலும் கல்ச்சர் வேண்டியவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் கட்டாயம். ஆண்களும்தான், ஏனென்றால் புராஸ்டேட்டுக்குள் தொற்று இருந்தால் அங்கேயும் நைட்ரோஃப்யூரன்டாயின் போதுமான அளவு போகாது. மருந்து முடித்து இரண்டு வாரத்துக்குள் திரும்ப வருகிறவர்கள், முன்பு எதிர்ப்புள்ள பாக்டீரியா வந்தவர்கள், மாத்திரை இரண்டு மூன்று நாள் சாப்பிட்டும் எரிச்சல் மாறாதவர்கள். கடைசியாகச் சொன்னவர்களில் சிலருக்குப் புரோட்டியஸ் வளரும். நைட்ரோஃப்யூரன்டாயின் அதற்கு இயல்பிலேயே கேட்காது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் பி.எச். 8 அளவில் இருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள், கல்லையும் தேடுங்கள். மாறாக, எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவரின் சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பாதீர்கள். ஏதாவது வளரும், நீங்களும் அதற்கு மருந்து எழுதுவீர்கள்.

குப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுத்தாரைச் சிறுநீர்தான் வேண்டும். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில், அதுவும் 24 மணி நேரம் வரைதான். வெப்பத்தில் மேஜைமேல் கிடந்தால், சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாகும் ஈ.கோலை சாயங்காலத்துக்குள் எந்த எண்ணிக்கையையும் எட்டிவிடும். மூன்று நான்கு வகை பாக்டீரியா கலந்து வளர்ந்தால், அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்பு. அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மருந்துப் பட்டியல் போடச் சொல்லாதீர்கள். திரும்ப ஒரு மாதிரி அனுப்புங்கள்.

படிவத்தில் 'யூ.டி.ஐ.' என்று மூன்று எழுத்து மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம் இருக்கிறதே, அதற்குப் பதிலாக நான்கு தகவல்களை எழுதுங்கள்: காய்ச்சல் அல்லது விலா வலி உண்டா, கர்ப்பமா, ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கியாயிற்றா, மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தது. காய்ச்சல், விலா வலி என்று எழுதி வரும் மாதிரியின் ரிப்போர்ட்டில், நைட்ரோஃப்யூரன்டாயினுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் நேரே 'சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டும்' என்று எங்களால் அச்சிட்டு அனுப்ப முடியும்.

இப்படிக்கு,
உங்கள் குப்பிகளைத் திறக்கும் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர்