செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: உப்புக் காற்றும் ஒரு புயலும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வளாகத்தின் 36 வீட்டாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செயற்குழு ஒன்பது முறை கூடியது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இரவுக் காவலர் மாறியிருக்கிறார். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நம் பணமும் பொழுதும் கரைந்தது மூன்று விஷயங்களில்: ஜன்னல் கிரில், பால்கனி சிலாப், ஃபெஞ்சல் புயல். மூன்றுக்கும் காரணம் நம் கிழக்குச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடல்தான் என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கிரில்

2023 ஆகஸ்டில் மூன்று பிளாக்கிலும் கிரில்களுக்குப் பெயின்ட் அடித்தோம். பத்தே மாதத்தில் கிழக்கு பிளாக்கில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. ஜூன் மாதக் கூட்டத்தில் பெயின்டரைத் திட்டித் தீர்த்தோம். அவர் பெயின்டைக் குறை சொன்னார். ஆனால் அதே ஆள், அதே டப்பா, அதே வாரத்தில் அடித்த மேற்கு பிளாக் கிரில் இன்றும் நன்றாக இருக்கிறது. இன்னொன்றும் இடித்தது. மழையில் நேராக நனையும் மொட்டை மாடிக் கம்பிகளை விட, சன்ஷேடுக்குக் கீழே மழையே படாத கிரில்தான் அதிகம் துருப்பிடித்திருந்தது. நனையாத இடம் ஏன் அரிக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளரான பி பிளாக் சார் சமையலறைக் கல்லுப்பு ஜாடியை வைத்து இதை விளக்கினார். ஐப்பசி மாதம் ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்து அடியில் நீர் நிற்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடு நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். ஆகவே கிரில்மேல் படிந்த உப்பு இரவும் பகலும் ஈரமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் கம்பியைத் தொட்டால் கையில் பிசுபிசுக்கும், அதுதான் அடையாளம்.

இந்த ஈரம் எவ்வளவு என்பதற்கும் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வேலூரில் மே மாத மதியம் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். இங்கே 30 டிகிரியும் 80 சதவீதமும் என்றால் சுமார் 24 கிராம். வெப்பம் பத்து டிகிரி குறைவு, நீராவி ஏறக்குறைய இரு மடங்கு. வெதுவெதுப்பான வங்கக்கடலின் மேல் கிடந்து ஊறிய காற்றுதான் மதியத்துக்கு மேல் கடற்காற்றாக உள்ளே வருகிறது. வியர்வை காயாததும் அதனால்தான், பீரோவுக்குள் பட்டுப்புடவை பூஞ்சணம் பிடிப்பதும் அதனால்தான்.

உப்பு வருவது அலை உடையும் இடத்திலிருந்து. நுரைக்குமிழிகள் வெடித்துச் சிதறும் நுண்துளிகள் காற்றில் ஏறுகின்றன. அவற்றில் கனமானவை முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். கிழக்கு பிளாக் அவற்றை வாங்கிக்கொள்கிறது; மேற்கு பிளாக் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. படிந்த உப்பை மழை அவ்வப்போது கழுவி விடும். சன்ஷேடுக்கு அடியில் கழுவ யாரும் இல்லை.

2023இல் நாம் செய்த தப்பு இதுதான்: உப்புத் தாளால் தேய்த்துவிட்டு, கழுவாமல் அப்படியே பெயின்ட் அடித்தோம். அடியில் சிக்கிய உப்பு, பெயின்ட் படலத்தின் வழியாகவே நீரை உறிஞ்சிக் கொப்புளமாக எழும்பிவிட்டது. பெயின்டரிடம் நான் நேரில் வருத்தம் தெரிவித்தேன். இதை எழுதி வைப்பது நியாயம்.

செப்டம்பரில் கிழக்கு பிளாக்குக்கு மறுபடி அடித்தபோது முறையை மாற்றினோம். முதலில் சுரண்டல், அதன்பின் லாரித் தண்ணீரால் இரண்டு முறை கழுவல். நம் போர்த் தண்ணீரே உப்பு என்பதால் அதைத் தொடவில்லை. காலை ஒன்பது மணிக்குப் பனி ஈரம் காய்ந்ததும் துடைத்துவிட்டு, கடற்காற்று திரும்புமுன் அன்றைக்கே ஜிங்க் பிரைமர். ஒரு நாளில் மூன்று வீடுதான் முடிந்தது, கூலி கூடியது. மார்ச் கடைசியில் பார்த்தபோது கொப்புளம் இல்லை. ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியில் பழுப்புப் புள்ளி வருகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு வீட்டார் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. வழக்கமாக விற்கும் 304 ரகம் உப்புக் காற்றில் கறை படியும். மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், விலை கூட. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

இரண்டாம் மாடி பால்கனி

ஜூலையில் ஒரு காலை, கிழக்கு பிளாக் இரண்டாம் மாடி பால்கனியின் அடிப்பக்கத்திலிருந்து தாம்பாளம் அளவு கான்கிரீட் பெயர்ந்து கீழே விழுந்தது. அந்த இடத்தில்தான் அன்றாடம் பால் பாக்கெட் எடுக்க மாமி வந்து நிற்பார். அன்று ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பின் குளோரைடு வருஷக் கணக்கில் ஊறி உள்ளே போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பியை விடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை கனம் கான்கிரீட் இருக்கிறது என்பதே இதில் முக்கியம். இந்தியத் தரநிலை 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டில் 45 மி.மீ. கவர் கேட்கிறது. 1994இல் கட்டிய நம் பால்கனியை உடைத்து அளந்தபோது இருந்தது 15 மி.மீ.

இதற்கு முன் 2021இல் இதே பால்கனியில் ஒரு விரிசலைப் பூசி அடைத்தோம். இப்போது விழுந்தது அந்தப் பூச்சு இல்லை, அதை ஒட்டிய பழைய பகுதி. இது தற்செயல் இல்லையாம். புதுப் பூச்சுக்குள் கம்பி பத்திரமாகிவிட, அரிப்பு பக்கத்தில் உப்பு ஊறிக் கிடக்கும் பழைய கான்கிரீட்டுக்கு நகர்கிறது. அதனால் இம்முறை கட்டமைப்புப் பொறியாளர் சுத்தியலால் சிலாப் முழுவதையும் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. பொத்தென்ற இடம் முழுவதையும், அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளியும், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் வரை கொத்தி எடுத்தார்கள். பாதி தேய்ந்திருந்த இரண்டு கம்பிகளோடு புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். உப்பு மற்ற பால்கனிகளிலும் ஊறித்தான் இருக்கிறது. இது நோயைத் தள்ளிப்போடும் வைத்தியம் என்று அவரே சொன்னார். வீட்டுக்குள் டைல்ஸ் மாற்றும்போது பால்கனியில் கூடுதல் எடை ஏற்ற வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்டது.

ஃபெஞ்சல்

நவம்பர் கடைசி வாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகும் என்றார்கள். 28ஆம் தேதி ஆகாமலும் போகலாம் என்றார்கள். 29ஆம் தேதி ஆனது. காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால்தான் புயல் என்ற பெயர். அதற்குக் கீழே இருந்தாலும் மழை குறையாது. இந்த வேறுபாடு புரியாமல், புயல் இல்லையாம் என்ற செய்தி வந்ததும் மாடியில் கட்டி வைத்த தொட்டிகளையும் நாற்காலிகளையும் சிலர் அவிழ்த்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் மறுபடி கட்டினார்கள்.

புயல் கூண்டு பற்றியும் நம் வாட்ஸ்அப் குழுவில் பீதி கிளம்பியது. எண் ஏற ஏற ஆபத்து கூடும் என்பது முழு உண்மை இல்லை. 1, 2 தொலைவில் இருப்பதற்கானவை. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதைச் சொல்பவை. 8, 9, 10 அதேபோல், ஆனால் கடும்புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு கப்பல்களுக்கானது. வீடுகளுக்கு, வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அறிவிப்பைப் பாருங்கள்.

30ஆம் தேதி மாலை புயல் புதுச்சேரி அருகே கரையேறத் தொடங்கியது. கரையேறிய பின்னும் அங்கேயே நின்றுவிட்டதால் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இங்கே அவ்வளவு இல்லை. ஆனாலும் மேற்கு நோக்கிப் போகும் புயலுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும். நமக்கு அன்று அடித்தது அதுதான்.

நாம் சரியாகச் செய்தவை: லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி மின்சாரத்தை அணைத்தோம், குழியில் நீர் வந்தும் கேபின் தப்பியது. சம்ப் மூடியின் ஓரத்தைச் சிமென்டால் அடைத்தோம். மேலே உள்ள தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினோம். நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன், காற்றால் அசைக்க முடியாது. சி பிளாக்கில் பழுதாகிக் காலியாகக் கிடந்த ஒரு தொட்டியை மட்டும் மறந்தோம். அது பறந்து பக்கத்து மனைக்குப் போய் விழுந்தது.

கோட்டைவிட்டது ஏ பிளாக் மொட்டை மாடியில். மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்துவிட, நீர் கணுக்கால் வரை நின்றது. 2,000 சதுர அடியில் 10 செ.மீ. நீர் என்றால் 18 டன்னுக்கு மேல். இரவு பதினொரு மணிக்குக் குடையோடு ஏறி அதை எடுத்துவிட்ட இரு இளைஞர்களுக்கு நன்றி. ஆனால் அப்படிக் காற்றில் யாரும் ஏறக்கூடாது; குழாய் வாயைப் பார்ப்பது காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். இதைச் செயலாளரின் தவறாகப் பதிவு செய்கிறேன்.

மூத்தவர்கள் 2016 டிசம்பர் 12 வர்தாவை நினைவூட்டினார்கள். அன்று புயலின் கண் நம் ஊர் மேலேயே போனது. காற்று நின்றதும் முடிந்தது என்று தெருவில் இறங்கினோம்; பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்த மரங்கள் அப்போதுதான் விழுந்தன.

புயலுக்குப் பிறகு கண்ணாடி ஜன்னல்கள் வெள்ளையாக மங்கியிருந்தன, அத்தனையும் உப்பு. ஏசி வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளிலும் அதே படிவு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவச் சொல்லி அறிவிப்பு ஒட்டினோம். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். பாதி வீட்டார் கழுவினார்கள். போகிக்கு எப்படியும் வீடு கழுவுகிறோம், அன்றே கிரிலின் உட்புறத்தையும் சேர்த்துக் கழுவுவது என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவானது.

நிலுவையில் உள்ளவை

கிழக்கு பிளாக்கின் மற்ற ஐந்து பால்கனிகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான மதிப்பீடு இந்த அறிக்கையோடு இணைக்கப்பட்டுள்ளது. ஒப்புதல் இன்றைய கூட்டத்தில் தேவை. மேற்கு பிளாக்கினர் இதில் பங்கு தர வேண்டுமா என்ற கேள்வி மூன்று கூட்டமாக முடியாமல் இருக்கிறது. கிழக்கு பிளாக் இல்லாவிட்டால் அந்த உப்பு எங்கே போய் விழும் என்பதை மட்டும் விவாதத்துக்கு முன் வைக்கிறேன். காலியான பழைய தொட்டிகளை அக்டோபருக்குள் இறக்கிவிட வேண்டும். மழைநீர்க் குழாய் வாய்களுக்குக் கம்பி வலை வாங்கியாயிற்று. பொருத்த ஆள் வரவேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்